மீனா, உன் கடை போனில் நடந்தது இதுதான்

அன்புள்ள மீனா,

நேற்று மாப்பிள்ளை வீடியோவில் உன் போனைக் காட்டினார். என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது, பதறாமல் படி. நம் சர்வீஸ் கடைக்கு இதே மாதிரி போன்கள் நிறைய வருகின்றன.

துணிக்காரர் நம்பரிலிருந்து உனக்கு வந்தது கல்யாணப் பத்திரிகையே இல்லை. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், இதன் பெயர் .apk என்று முடிந்தது, அதாவது போனில் ஏறி உட்காரும் ஒரு ஆப். எஸ்எம்எஸ் படிக்க அது அனுமதி கேட்டிருக்கிறது, நீயும் கொடுத்துவிட்டாய். அப்போதிருந்து உனக்கு வந்த ஓடிபி எல்லாம் அந்த ஆப்பை அனுப்பிவிட்ட திருடனுக்கும் போயிருக்கிறது. அவன் தன் போனில் உன் நம்பரைப் போட்டு வாட்ஸ்அப் திறந்து, அது அனுப்பிய ஆறு இலக்க எண்ணை உன் எஸ்எம்எஸ்ஸிலிருந்தே எடுத்துக்கொண்டான். உன் வாட்ஸ்அப் திடீரென்று வெளியேறியதும், வாடிக்கையாளர் குரூப்களுக்கு அதே பத்திரிகை போனதும் இதனால்தான். துணிக்காரரும் உன்னைப் போல மாட்டியவர், அவரிடம் சண்டைக்குப் போகாதே.

வாட்ஸ்அப்பில் உன் பழைய பேச்சு எதுவும் அவனுக்குக் கிடைத்திருக்காது, அது உன் போனிலேயே இருக்கிறது. அவன் உள்ளே இருந்த நேரத்தில் புதிதாக வந்ததைப் பார்த்திருப்பான். ஜிபே பின் நம்பர் எஸ்எம்எஸ்ஸில் வருவதில்லை, அதனால் அந்த வழியாக அது அவனிடம் போயிருக்காது. ஆனால் ஒன்றை யோசித்துச் சொல், அந்த ஆப் உன்னிடம் ஏடிஎம் கார்டு நம்பரோ நெட்பேங்கிங் பாஸ்வேர்டோ கேட்டதா, நீ அடித்தாயா? அடித்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு பேங்குக்கு போன் போட்டு இரண்டையும் முடக்கச் சொல். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் கூப்பிடு, அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு.

அடிக்கவில்லை என்றாலும் அந்தப் போனிலேயே பாஸ்வேர்டு மாற்றாதே, மாற்றும்போது வரும் ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். முதலில் சிம்மைக் கழற்றி மாப்பிள்ளையின் பழைய போனில் போடு. அங்கே வாட்ஸ்அப் நிறுவி, வரும் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்ததும் அவன் வெளியே தள்ளப்படுவான். அப்புறமும் ஒரு பின் கேட்டால் அது அவன் வைத்தது, அது தெரியாமல் உள்ளே போக ஏழு நாள் ஆகலாம், ஆனால் அந்த நாட்களில் அவனும் உள்ளே இருக்க முடியாது. திறந்ததும் செட்டிங்ஸில் உனக்கென்று ஒரு பின் வை. பேங்க் பாஸ்வேர்டையும் அந்தப் போனிலிருந்தே மாற்று.

கடை போனில் அந்த ஆப்பை மாப்பிள்ளையை விட்டு அழிக்கப் பார்த்தேன், அழிக்கும் பொத்தான் மங்கியே இருந்தது, அட்மின் உரிமையையும் பிடுங்கி வைத்திருக்கிறது. அதனால் படங்களையும் கணக்கு நோட்டுப் படங்களையும் மட்டும் காப்பி எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடு.

இன்றைக்கே வாடிக்கையாளர்களுக்கு மாப்பிள்ளை நம்பரிலிருந்து இதை அனுப்பு: "எங்கள் கடை நம்பரிலிருந்து வந்த பத்திரிகையைத் திறக்காதீர்கள். திறந்திருந்தால் சிம்மைக் கழற்றிவிட்டு வேறு போனிலிருந்து இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். பணம் கேட்டு வந்தால் அனுப்ப வேண்டாம்."

அப்பா