படிவத்தில் மாத்திரையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தண்டையார்பேட்டையில் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நர்சிங் ஹோம்களிலிருந்து, பரிசோதனைக்கான திசுவை ஃபார்மலினில் போட்டு அனுப்பும் டப்பாவோடு வரும் படிவத்தில் பெரும்பாலும் 'வயது 44, கர்ப்பப்பைத் திசு' என்று மட்டும்தான் இருக்கும். உதிரப்போக்கை நிறுத்த நோரெத்திஸ்டிரோன் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதை எழுத மாட்டார்கள். அந்த மாத்திரை கர்ப்பப்பை உட்படலத்தின் சுரப்பிகளைச் சுருக்கி, சுற்றியுள்ள திசுவைக் கர்ப்பகாலத்தில் இருப்பதுபோல் மாற்றிவிடும். விவரம் தெரியாமல் ஸ்லைடு பார்க்கும் மருத்துவர், கருக்குழாயில் கரு தங்கியிருக்குமோ என்றுகூட யோசிக்க வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம், முன்பிருந்த சுரப்பி மிகைவளர்ச்சியை மாத்திரை மறைத்திருக்கலாம். மாத்திரை விவரம் தெரிந்தால் இந்தச் சந்தேகத்தை அறிக்கையிலேயே சொல்லி, தேவைப்பட்டால் மாத்திரையை நிறுத்தியபின் மறுபடி திசு எடுக்கச் சொல்லலாம். சரி, போன் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். ஓ.பி. கூட்டத்தில் யார் எடுப்பார்கள்?

கடைசி மாதவிலக்குத் தேதி, உதிரப்போக்கு எத்தனை நாளாக, மாத்திரையின் பெயர், எப்போது நிறுத்தியது: மொத்தமே இரண்டு வரி. டப்பாவைக் கொண்டுவரும் வீட்டுக்காரர்கள் மாத்திரை அட்டையையும் எடுத்துவந்தால், கவுண்டரிலேயே குறித்துக்கொள்வோம்.

ஆய்வக ஊழியர்,
தண்டையார்பேட்டை, சென்னை