நேர்காணல் வீடியோவை ஒலி எபிசோடாக மாற்றுவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நேர்காணல் வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுப்பது ஒரு நிமிட வேலை. அப்படியிருக்க, எபிசோடை ஒப்படைக்க எங்களுக்கு ஏன் இரண்டு மூன்று நாள் ஆகிறது என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பிரித்தெடுப்பது உண்மையிலேயே இந்த ஒரு கட்டளையோடு முடிந்துவிடுகிறது:

```
ffmpeg -i interview.mp4 -vn -c:a pcm_s24le interview.wav
```

நேரம் பிடிப்பது அதற்குப் பிறகுதான். அண்மையில் எங்களிடம் வந்த 52 நிமிட நேர்காணல் ஒன்றைக் கொண்டு அதை விளக்குகிறோம்.

அதில் கேள்வி கேட்பவரின் காலர் மைக் இடது தடத்திலும் விருந்தினரின் மைக் வலது தடத்திலும் பதிவாகியிருந்தன. அவரவர் பேசும் பகுதிகளை மட்டும் அளந்தபோது, காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவைக் குறிக்கும் LUFS என்ற அலகில், மீட்டரில் முன்னவர் -17 LUFS, பின்னவர் -29 LUFS என்று தெரிந்தது. அதாவது இருவருக்கும் இடையே 12 டெசிபல் இடைவெளி. வீடியோவில் முகமும் உதடும் தெரிவதால் இந்த வேறுபாடு ஓரளவு மறைந்துவிடும். ஒலியை மட்டும் கேட்பவரோ விருந்தினர் பேசும்போது ஒலியளவைக் கூட்டி, அடுத்த கேள்வி வந்ததும் பதறிக் குறைக்க வேண்டியிருக்கும். மொத்தக் கோப்பையும் ஒரே அளவுக்கு உயர்த்தினால் இது சரியாகாது, ஏனென்றால் இருவரும் சேர்ந்தே உயர்வார்கள், இடைவெளி அப்படியே இருக்கும். ஆகவே தடங்களைக் கலப்பதற்கு முன்பே முன்னவரை 3 டெசிபல் குறைத்தோம், பின்னவரை 9 டெசிபல் கூட்டினோம். இருவரும் -20இல் வந்து நின்றார்கள்.

கூட்டும்போது குரலோடு சேர்ந்து மின்விசிறியின் இரைச்சலும் அதே 9 டெசிபல் கூடும் என்பதால், இரைச்சல் நீக்கத்தை அதற்கு முன்பே முடித்துவிடுகிறோம். அதையும் அளவோடுதான் செய்கிறோம். இரைச்சலை முழுவதும் துடைக்க முயன்றால் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மழுங்கி, குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். சிறிது இரைச்சல் மிஞ்சியிருப்பதே மேல் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. இருவரும் ஒரு மீட்டர் தள்ளி அமர்ந்திருந்தால், கேள்வி கேட்பவரின் குரல் விருந்தினரின் மைக்கிலும் ஏறத்தாழ 3 மில்லிநொடி தாமதமாக விழும். இரண்டையும் அப்படியே கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலிக்கும். இடது தடத்தை மட்டும் தனியாகக் கேட்கும்போது குரல் தெளிவாகவும், இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது வெறுமையாகவும் இருந்தால் காரணம் இதுதான். எனவே ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக்கைச் சுமார் 12 டெசிபல் தாழ்த்துகிறோம். அடியோடு நிறுத்துவதில்லை, நிறுத்தினால் அறையின் ஒலி விட்டுவிட்டு வருவது காதில் உறுத்தும். இவையெல்லாம் முடிந்த பின்னரே இரு காதுக்கும் ஒரே ஒலி வரும்படி கலந்து, மொத்தத்தை -16 LUFS அளவுக்குக் கொண்டுவந்து, சிரிப்பு போன்ற திடீர் உச்சங்கள் -1 டெசிபலைத் தாண்டாதபடி லிமிட்டர் வைக்கிறோம்.

அத்தியாயக் குறிகளைக் கடைசியில்தான் இடுகிறோம். இதே நேர்காணலில், இரண்டாவது தலைப்பு 18:40இல் தொடங்குவதாக வீடியோவைப் பார்த்து எங்களுக்குக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்பு 2 நிமிடம் 10 நொடி வெட்டப்பட்டது. தொடக்கத்தில் 25 நொடி அறிமுகம் சேர்ந்தது. ஆக அந்தத் தலைப்பு இப்போது 16:55இல் தொடங்குகிறது. கேள்வியின் முதல் எழுத்து அறுபடாமல் இருக்க, அதற்கும் அரை நொடி முன்பாகக் குறியை வைக்கிறோம். கோப்பில் நேரத்தை மில்லிநொடியில் எழுத வேண்டும்:

```
;FFMETADATA1
[CHAPTER]
TIMEBASE=1/1000
START=1014500
END=1563000
title=முதல் வேலை
```

எம்பி3 கோப்பில் பதிந்த இந்தக் குறிகளை எல்லாச் செயலிகளும் காட்டுவதில்லை. அதனால் அதே நேரங்களை எபிசோடின் விவரக் குறிப்பிலும் இடும்படி தனியாக எழுதித் தருகிறோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். கேமராவிலிருந்தோ ரெக்கார்டரிலிருந்தோ எடுத்த மூலக் கோப்பையே அனுப்புங்கள். செய்திச் செயலி வழியாக வரும் வீடியோவில் ஒலி மீண்டும் சுருக்கப்பட்டிருக்கும்; இரு மைக்குகளும் ஒன்றாகக் கலந்திருந்தால், ஒவ்வொரு பதிலையும் கையால் தேடி உயர்த்துவதைத் தவிர வழியில்லை. அடுத்து, விருந்தினர் ஒரு படத்தையோ பொருளையோ காட்டி “இதைப் பாருங்கள்” என்று சொல்லும் இடங்களைக் குறித்துக் கொடுங்கள். கேட்பவருக்கு அது என்னவென்று தெரியாது. அந்த இடத்தில் சேர்க்க ஒரு வரி விளக்கத்தை, கேள்வி கேட்டவரே அதே மைக்கில் பேசிப் பதிந்து அனுப்பினால் ஒட்டுப் போட்டது தெரியாமல் பொருந்தும்.

இப்படிக்கு,
ஒலித்தொகுப்புப் பிரிவினர்