ஒரு கிலோ தயிரைக் கட்டி வைத்தால் கெட்டித் தயிர் எவ்வளவு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிரை நம் கடையில் வைத்ததிலிருந்து பலரும் கேட்கும் கேள்வி, "சாதாத் தயிரை விட விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏன்?" என்பதுதான். வீட்டிலேயே செய்து பார்த்தவர்கள், "ஒரு கிலோ ஊற்றினேன், அரைக் கிலோகூடத் தேறவில்லையே" என்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

3 சதவீதம் கொழுப்புள்ள டோன்டு பாலில் உறைய வைத்த தயிர் ஒரு கிலோ எடுத்துக்கொள்வோம். அதில் கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, உப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 115 கிராம்தான். மீதி தண்ணீர். மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் இரவு முழுக்கத் தொங்கவிட்டால் காலையில் துணியில் சுமார் 400 கிராம் தயிரும், கீழே சுமார் 600 கிராம் தெளிநீரும் இருக்கும். அந்த நீர் வெறும் தண்ணீர் இல்லை. பால் சர்க்கரையும் உப்புகளும் கொஞ்சம் புரதமுமாக 35 கிராம் அதோடு போய்விடுகிறது. மேலே தங்குவது 80 கிராம். ஆனால் அது 400 கிராமுக்குள் இருப்பதால் தயிரின் கெட்டி 11.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறிவிடுகிறது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்கும் பதம் இதுதான்.

விலைக் கணக்கும் இதிலேயே வந்துவிட்டது. ஒரு கிலோ கெட்டித் தயிருக்கு இரண்டரைக் கிலோ தயிர் வேண்டும். தயிர் கிலோ 80 ரூபாய் என்றால், துணி, ஃப்ரிட்ஜ், ஆள் செலவு சேர்க்காமலே 200 ரூபாய் ஆகிறது.

6 சதவீதம் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பாலில் போட்ட தயிர் என்றால் கூடுதலாகத் தேறும். கொழுப்பு அநேகமாக முழுவதும் துணியிலேயே தங்கிவிடும் என்பதால் ஒரு கிலோவுக்கு 450 முதல் 500 கிராம் வரை கிடைக்கும். ஸ்ரீகண்ட் செய்பவர்களுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம். அளவு மட்டும் அல்ல, புளிப்பு அடங்கி, வாயில் வழவழப்பாகவும் இருக்கும்.

வீட்டில் செய்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட வடிந்த நீரை எடை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரே நேரம் கட்டி வைத்தாலும் தயிர்க்குத் தயிர் மாறும். பாலை நன்றாகக் கொதிக்கவைத்து உறையூற்றிய தயிர் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக விடும். கரண்டியால் கலக்கிவிட்ட தயிர் ஒரு மாதிரி வடியும், உறைந்தபடியே துணியில் சரித்த தயிர் வேறு மாதிரி வடியும். அதனால் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துவையுங்கள். சாண்ட்விச், டிப் போன்றவற்றுக்கு ஒரு கிலோவில் 500 கிராம் நீர் இறங்கியதும் துணியை அவிழ்த்துவிடலாம். ஸ்ரீகண்டுக்கும் தந்தூரி மசாலா ஊறவைக்கவும் டோன்டு பால் தயிர் என்றால் 600 கிராமாவது, ஃபுல் கிரீம் தயிர் என்றால் 500 முதல் 550 கிராம் வரை இறங்கட்டும். கணக்கில் பத்து, இருபது கிராம் குறைந்தால் அது ஈரத்துணியில் இருக்கும், தேட வேண்டாம்.

நீரின் நிறத்தையும் பாருங்கள். இளமஞ்சளில் லேசான பச்சை கலந்து தெளிவாக இருந்தால் எல்லாம் சரி. பாலில் உள்ள ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் தரும் நிறம் அது. நீர் வெள்ளையாகக் கலங்கி வந்தால் துணியின் இழை அகலம் என்று அர்த்தம், இல்லையென்றால் அவசரப்பட்டு யாரோ பிழிந்திருக்கிறார்கள். பிழிந்தால் சீக்கிரம் முடியும், ஆனால் தயிரும் இழை வழியாக நழுவிவிடும், எடை இன்னும் குறையும். தொங்கவிட்டுத் தானாக வடியவிடுவதுதான் முறை. நம்மூர் வெயிலில் வெளியே தொங்கவிட்டால் காலைக்குள் புளித்துவிடும், ஃப்ரிட்ஜ் கட்டாயம்.

வடிந்த நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய, மோர்க்குழம்பில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்ற, அப்படியே உப்புப் போட்டுக் குடிக்க எல்லாவற்றுக்கும் ஆகும். இரண்டு நாளைக்கு ஃப்ரிட்ஜில் தாங்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கெட்டித் தயிருக்கு ஆர்டர் கொடுக்கும்போது எதற்கு என்று சொல்லுங்கள். டிப்புக்கு என்றால் சற்றுத் தளர்வாக நிறுத்தி எடுப்போம், அதற்குத் தயிரும் குறைவாகவே ஆகும், விலையும் அதற்கேற்பக் குறையும். ஸ்ரீகண்டுக்கு என்றால் முந்தைய நாள் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். இரவே கட்டி வைத்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் பால் கடை