லேக்டோமீட்டர் போடுத முன்னாடி பாலோட சூட்டையும் பாருங்க அண்ணாச்சி

நம்ம ஊரு பால் சொசைட்டி தலைவர் அண்ணாச்சிக்கும் செக்ரட்டரி அண்ணாச்சிக்கும், வணக்கம்.

முக்கூடல் பக்கத்துல இருந்து டெய்லி ரெண்டு வேளையும் பால் ஊத்துதவங்கள்ல நானும் ஒரு ஆளு, என் பேரு உங்களுக்குத் தெரியும், இங்க வேண்டாம். போன மாசம் காலைல ஊத்துத பாலுக்கு, கொழுப்பு போக மிச்சம் இருக்கிற சத்தான எஸ்என்எப் கம்மி கம்மின்னு ரேட்டைக் குறைச்சீங்க. ஒரு நாள் வரிசைல எல்லாரும் நிக்கும்போதே "தண்ணி கிண்ணி பட்டுச்சா"ன்னு கேட்டுட்டீங்க. அன்னைக்கு எனக்கு பேச்சே வரல, அதான் இப்ப எழுதுதேன்.

அன்னைக்கு சீட்டுல இருந்தது இதுதான், பேட்டுங்கிற கொழுப்பு 4.0, லேக்டோ 26, எஸ்என்எப் 7.94. நீங்க போடுத கணக்கு எனக்கும் தெரியும், லேக்டோ ரீடிங்கை நாலால வகுத்து, பேட்ல கால்வாசியைக் கூட்டி, 0.44 சேக்கணும் (கடைசில சேக்குத எண் இடத்துக்கு இடம் மாறும், நம்ம சொசைட்டில இதுதான்). 6.5, 1, 0.44, மொத்தம் 7.94. கூட்டல்ல தப்பே இல்ல. அந்த 26தான் தப்பு.

ஏன்னா நம்ம லேக்டோமீட்டர் தண்டுல 27 டிகிரின்னு போட்டிருக்கு, பால் அந்தச் சூட்டுல இருந்தாத்தான் அது காட்டுறது சரி. நான் அஞ்சரைக்குக் கறந்து கேனைத் தூக்கிட்டு வாரேன், மடிச்சூடு ஆறாமலேயே உங்க கைக்கு வந்துருது. சூடான பால் கொஞ்சம் லேசா இருக்கும், மீட்டர் கூட முங்கும், ரீடிங் கம்மியாத் தெரியும். 27க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்டிக்கிடணும். நுரை அடங்காத பாலும் இதே மாதிரி கம்மியாத்தான் காட்டும், கறந்து ஒரு அரைமணி நேரமாவது கழிச்சுப் பாத்தா நல்லது.

சந்தேகம் தீரட்டும்னு மச்சான் வீட்டு லேக்டோமீட்டரையும் ஒரு தெர்மாமீட்டரையும் வாங்கிட்டு வந்து வீட்டுலயே பாத்தேன். கறந்து வச்ச பால் 35 டிகிரி, ரீடிங் 26. அதே பாலை ஒரு செம்புல ஊத்தி தண்ணித் தொட்டில இறக்கி வச்சு 28 டிகிரிக்கு வந்ததும் நல்லா கலக்கிட்டுப் பாத்தா, 27க்கும் 28க்கும் நடுவுல நிக்குது! கணக்காப் பாத்தாலும் அதேதான், 35க்கும் 27க்கும் எட்டு டிகிரி வித்தியாசம், 1.6 கூட்டுனா 27.6, அதை நாலால வகுத்தா 6.9, எஸ்என்எப் 8.34. அதே மாடு, அதே பால்.

துட்டுக் கணக்கையும் சொல்லிருதேன். பேட் கிலோவுக்கு 300, எஸ்என்எப் கிலோவுக்கு 260ன்னு சும்மா ஒரு ரேட்டு வச்சுக்கிடுங்க. 0.4 குறைஞ்சா ஒரு கிலோ பாலுக்கு 1 ரூவா 4 காசு போச்சு. காலைல மட்டும் எட்டு லிட்டர் ஊத்துதேன், மாசத்துக்கு 250 ரூவாய்க்கு மேல வருது, மாட்டுக்குக் கொஞ்சம் தவிடாவது வாங்கிருவேன். இது போக எஸ்என்எப் அளவுக்குக் கீழ போனா பிடிக்கிறது வேற.

தண்ணி விசயம். தண்ணி ஊத்துனா பேட்டும் எஸ்என்எப்பும் சேந்துதான் குறையும். 8.34ஐ 7.94க்குக் கொண்டுவரணும்னா நூத்துக்கு அஞ்சு தண்ணி ஊத்தணும், அப்ப பேட்டும் 4.0ல இருந்து 3.8க்கு வந்திருக்கணுமே. என் சீட்டை எல்லாம் அடுக்கிப் பாருங்க, பேட் அசையல, எஸ்என்எப் மட்டும் இறங்கிருக்கு, அதுவும் காலைல மட்டும். சாயந்திரம் மூணு மணிக்கே கறந்து தண்ணித் தொட்டில கேனை வச்சுட்டு அஞ்சு மணிக்குக் கொண்டு வாரேன், அந்தப் பால்ல ஒரு குறையும் வரல.

பேட் ஏறி இறங்குனா அது மாட்டோட சங்கதி, அதுக்கு நான் சண்டைக்கு வரல. கடைசில கறக்கிற பால்லதான் கொழுப்பு ஜாஸ்தி, அதைக் கன்னுக்குட்டிக்கு விட்டா நமக்கு பேட் குறையத்தான் செய்யும். மழைக்கு இளம்புல்லா மேஞ்சு வைக்கோல் தின்னாம விட்டாலும் குறையும், பிசானம் அறுத்து வைக்கோல் வந்துட்டா தன்னால சரியாகும். ஆனா எஸ்என்எப் அந்த மாதிரி ஒரே மாசத்துல காலைக்கு ஒண்ணு சாயந்திரத்துக்கு ஒண்ணுன்னு ஆடாது அண்ணாச்சி. மாடு வெயில்ல வாடி தீனி எடுக்காம இருந்தாலோ மடிநோய் வந்தாலோ குறையும், அப்ப ரெண்டு வேளையும்லா குறையணும்.

நான் கேக்கிறது இவ்வளவுதான். சாம்பிள் எடுக்கும் முன்ன கேனை அடி வரைக்கும் கலக்குங்க, ஜாடில தெர்மாமீட்டரை விட்டு டிகிரியைப் பாருங்க, சீட்டுல லேக்டோ பக்கத்துல அந்த டிகிரியையும் எழுதுங்க. ரொம்ப சூடா இருந்தா கூட்டல் கணக்கையும் நம்ப வேண்டாம், ஆற வச்சுப் பாக்கிறதே மேல். தெர்மாமீட்டர் வாங்க துட்டு இல்லைன்னா நாங்க பத்துப் பேரு சேந்து வாங்கித் தாரோம். வர்ற திங்கக்கிழமை காலைல என் பாலை எல்லாரு முன்னாலயும் ரெண்டு தடவை பாருங்க, வந்த உடனே ஒரு தடவை, ஆறுனதும் ஒரு தடவை. போன மாசம் பிடிச்ச துட்டைப் பத்தி அதுக்குப் பிறகு பேசிக்கிடுவோம்.