பதவி உயர்வு விழாவில் பகைவர் எதற்கு?

எங்கள் அலுவலக மனமகிழ் மன்றப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நம் பிரிவில் ஓர் உதவியாளர் கண்காணிப்பாளரானார். தேநீர், கேசரி, சால்வை எல்லாம் நிறைவாக இருந்தன. சால்வை போர்த்தும் நேரத்தில் ஒலிபெருக்கியில் ‘வெற்றிக் கொடி கட்டு’ ஒலித்தது. எல்லோரும் கைதட்டினோம். அவரைவிட மூத்தவர் ஒருவர், ஒரே ஒரு துறைத் தேர்வு பாக்கியிருந்ததால் பட்டியலில் இடம் பெறாதவர், கடைசி வரிசையில் கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் அதன் விளிம்பையே வழித்துக்கொண்டிருந்தார். வாழ்த்துச் சொல்ல முதல் ஆளாக வந்தவர் அவர்தான். அந்தப் பாட்டுதான் அவரைத் தனியே உட்கார வைத்தது.

1999இல் வந்த ‘படையப்பா’ படப்பாடல் அது. எனக்கும் பிடித்த பாட்டுதான். அதே படத்தின் ‘என் பேரு படையப்பா’ போல நாயகன் தன்னைத் தானே பாடிக்கொள்ளும் பாட்டு அல்ல. கேட்பவரைப் பார்த்துக் ‘கட்டு’ என்கிறது. ஆனால் அடுத்த அடியிலேயே பகைவர் வந்துவிடுகிறார். ஒரு நாற்காலிக்கு மூன்று பேர் தகுதியாக இருந்த அலுவலகத்தில், அந்தப் பகைவருக்குத் தானாகவே ஒரு முகம் கிடைத்துவிடும். 1992இல் வந்த ‘அண்ணாமலை’யின் ‘வெற்றி நிச்சயம்’ இன்னும் சங்கடம். நண்பனாக இருந்தவனிடம் சவால் விட்டபின் வரும் பாட்டு அது; ஒரே மேசையில் சோறு பகிர்ந்தவர்கள் நடுவே அதைப் போட வேண்டாம்.

ஆகவே பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வேகத்தைப் பார்ப்பதற்கு முன், அதில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், யாராவது தோற்கிறார்களா என்று முழுப் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். பல்லவியோடு நிறுத்திவிடாதீர்கள். ‘நலம் வாழ எந்நாளும்’ என்ற ‘மறுபடியும்’ படப்பாடலை வாழ்த்துப் பாட்டென்று எல்லோரும் போடுகிறோம். படத்தில் அது துன்பத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லும் ஆறுதல். சரணத்தில் மனிதர்கள் நிறம் மாறுவதைப் பற்றிய பேச்சு வரும். பதவி உயர்ந்த அன்று அதைக் கேட்பவர், “நம்மைத்தான் சொல்கிறார்களோ?” என்று நினைக்க மாட்டாரா? பல்லவியை மட்டும் யாராவது பாடிவிட்டு அமரட்டும். அது போதும், அழகாகவும் இருக்கும்.

உயர்வு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். இரவெல்லாம் படித்துத் தேர்வெழுதி வந்ததென்றால், 1968இல் வந்த ‘எதிர்நீச்சல்’ படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘வெற்றி வேண்டுமா’ பொருந்தும். ஒரு வீட்டின் குடித்தனக்காரர்களுக்கெல்லாம் எடுபிடி வேலை செய்துகொண்டே படிக்கும் மாதுவின் கதை அது. அதில் எதிர்ப்பது வெள்ளத்தை. பக்கத்து நாற்காலிக்காரரை அல்ல. ஆனால் பணிமூப்பில் வந்த உயர்வுக்கு அதைப் போடாதீர்கள். அங்கே போட்டியே நடக்கவில்லை. விதியை முயற்சியால் வெல்லலாம் என்ற பாட்டு அங்கே பொய்யாகிவிடும். உயர்வோடு இடமாறுதலும் சேர்ந்து வந்தால், 1996இல் வந்த ‘காதல் தேசம்’ படத்தின் ‘முஸ்தபா முஸ்தபா’வைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. அதில் யாரும் யாருக்கும் மேலே இல்லை. குரல் வளம் இல்லாதவரும் சேர்ந்து பாட முடிகிறது.

இதையெல்லாம்விட எனக்கு ஆசை, நாமே நாலு வரி எழுதுவது. கும்மி மெட்டு எல்லோருக்கும் தெரியும், கைத்தட்டே தாளம். பதவியின் பெயரைச் சொல்லாமல், அவர் நமக்குச் செய்ததை மட்டும் சொன்னால் பாட்டில் பெருமை இருக்கும், பீற்றல் இருக்காது. அடுத்த மாதம் உயர்வு பெறவிருக்கும் நம் தட்டச்சர் அம்மாவுக்காக எழுதிப் பார்த்தேன்:

கோப்புகள் மேசையில் குன்றெனச் சேர்கையில்
கூட இருந்து முடித்துத் தந்தாய்
சாப்பாடு கொண்டு வராதவர்க்கும் உன்றன்
தட்டிலிருந்தே எடுத்துத் தந்தாய்

முதலில் ‘முன்னேறி வந்தாய்’, ‘முடிசூடி நின்றாய்’ என்றெல்லாம் எழுதியிருந்தேன். வாய்விட்டுப் பாடியபோது அவரைப் போலவே இல்லை, அடித்துவிட்டேன். உணவு இடைவேளைக்குப் பிறகும் யாராவது சாப்பிடாமல் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும் அவர் முகம் இந்த வரிகளில்தான் இருக்கிறது. அவருடைய தட்டில் கைவைத்த எல்லோரும் இதைப் பாடலாம், அந்தக் கடைசி வரிசைக்காரர் உட்பட. விழா நாயகியை மட்டும் பாடச் சொல்லி மேடையில் நிறுத்தாதீர்கள், அவர் கேட்கட்டும்.

இன்னும் நாலு வரி தேவை. அவரோடு நெடுநாள் பணியாற்றியவர்கள் ஆளுக்கொரு நிகழ்ச்சியைத் துண்டுத்தாளில் எழுதி என் மேசையில் வைத்தால், நான் மெட்டுக்குள் அடக்கித் தருகிறேன். ஒத்திகைக்குப் புதன்கிழமை உணவு இடைவேளையில் கூட்ட அறையை இருபது நிமிடம் ஒதுக்கித் தாருங்கள்.

அன்புடன்,
பதிவேடுகள் பிரிவிலிருந்து ஓர் உறுப்பினர்