பூந்தொட்டிக்கு அடியில் போட்டுவிடாதே

அன்புள்ள மங்கை,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருப்பாய், நேரில் வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். என் முழங்கால் பரவாயில்லை. இவர் வழக்கம்போல. சின்னவள் அந்தச் சைக்கிளை இன்னும் விற்கவில்லை, அதைப் பற்றிக் கேட்காதே.

இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உன் கடிதத்தின் ஓரத்தில் நீ கிறுக்கியிருந்த ஒரு வரிதான். "அம்மி வேலைக்கு ஆகவில்லை, பூந்தொட்டிக்கு அடியில் போட்டுவிடப் போகிறேன்" என்று எழுதியிருந்தாயே, போடாதே. போட்டிருந்தால் இன்றைக்கே உள்ளே கொண்டு வா. ஆள் வைத்துத் தூக்கு, உன் இடுப்பை நான் அறிவேன்.

என் அம்மியும் அதே கதைதான். மிளகு நசுங்காமல் குழவிக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தெளித்தேன், இன்னும் வழுக்கியது. அழுத்தினேன், தோள்தான் வலித்தது. வயதாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கை நன்றாகத்தான் இருக்கிறது மங்கை, தேய்ந்தது கல்.

குழவியின் பாரம்தான் அரைக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பாரம் அமுக்க மட்டுமே செய்யும். அரைப்பது கொத்திய குழிகளின் விளிம்பு. குழி மிளகை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது, விளிம்பு அதைக் கிழிக்கிறது, கசியும் சாறும் தண்ணீரும் குழிக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. கல்லோடு கல் உரச உரச விளிம்பு மழுங்கிக் குழி ஆழம் குறைந்து போகிறது. பிறகு சாறு ஒதுங்க இடமில்லாமல் இரண்டு கல்லுக்கும் நடுவே படலமாகப் படிந்துவிடும். குழவி அந்தப் படலத்தின் மேல் சறுக்குகிறது. அதனால்தான் தண்ணீர் விட விட மோசமாகிறது.

ஆனால் உடனே உளியைத் தேடாதே. குழி தேயாமலே அடைபட்டிருக்கலாம். எண்ணெயும் பழைய விழுதும் காய்ந்து இறுகினாலும் கல் இப்படித்தான் வழுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கால் மணி ஊறவிட்டு, கல்லுப்பைப் போட்டு முரட்டு நார்த் தூரிகையால் தேய். சோப்பு வேண்டாம், கல்லின் துளைகளில் அதன் வாசனை தங்கிவிடும். நன்றாகக் காய்ந்தபின் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடி. குழிகள் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு நிழலைக் காட்டும். நகத்தை இழுத்தால் தடுக்க வேண்டும். என் கல்லில் ஓரங்களில் மட்டும் தடுத்தது, நடுவில் கண்ணாடிபோல் போனது.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், நீ சிரி. கொத்துகிறவர் அகப்படவில்லை என்று ஆற்று மணலைக் கொட்டிக் குழவியால் அரை மணி நேரம் அரைத்தேன். கல் சொரசொரப்பானதுபோல் இருந்தது, பெருமையாக இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலே நாளில் பழையபடி. மணல் மேலே கீறுகிறது, குழி தோண்டுவதில்லை. கல் அறுக்கிற கிரைண்டர் மெஷின் வைத்துக் கோடு போடலாம் என்று இவர் ஒரு யோசனை சொன்னார். அதுவும் உதவாது. கோட்டுக்குள் விழுது போய் உட்காரும், இரண்டு கோட்டுக்கு நடுவே வழவழப்பு அப்படியே இருக்கும்.

கடைசியில் உளியைத்தான் எடுத்தேன். நுனி கூராக உள்ள, கருங்கல்லுக்கான உளி. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான சுத்தியல். அம்மியை வெறும் தரையில் வைத்து அடித்தால் துள்ளும், விரிசலும் விடலாம், அதனால் ஈர மணல் மூட்டையின் மேல் படுக்கப் போட்டேன். முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சத்தம் கேட்டேன். கணீரென்றது. உன்னுடையது பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம், அப்போது பூந்தொட்டிக்கே கொடுத்துவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே: கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் உட்காராதே. சில்லு கண்ணுக்குப் பாயும். கருங்கல் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, அதையே தொழிலாகச் செய்கிறவர்களின் நுரையீரல் அதனால்தான் கெடுகிறது. கல்லை அடிக்கடி நனைத்துக்கொண்டே, வெளியில் உட்கார்ந்து செய்.

சாக்பீஸால் கோடு போட்டு, விரற்கடை இடைவெளியில் ஒரு வரிசை கொத்தினேன். பிறகு அந்த இடைவெளிகளின் நடுவே இன்னொரு வரிசை. குழி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். உளி கிட்டத்தட்ட நேராக நிற்க வேண்டும், சாய்த்தால் குழி விழாமல் செதிள் பெயரும். விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளேயே நிறுத்து, நான் ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டேன். முதல் நாள் மாலை அடித்த இடமெல்லாம் குழியில்லாமல் வெள்ளைப் பொட்டாக மட்டும் இருந்தது. கல் கெட்டி என்று சபித்தேன். அப்புறம் நுனியைப் பார்த்தால் பட்டாணிபோல் உருண்டிருந்தது. மழுங்கிய உளி கல்லைப் பொடியாக்கும், வெட்டாது. தீட்டிக் கொண்டு வந்ததும் மறுநாள் அதே கல் சொன்னபடி கேட்டது. குழவியையும் லேசாகக் கொத்தினேன், ஒன்று மட்டும் சொரசொரப்பாக இருந்தால் போதாது.

உனக்காகவே எழுதுகிற விஷயம் இது. உன் அம்மி நடுவில் பள்ளம் விழுந்தது என்று எனக்கு ஞாபகம். கொத்துவதற்கு முன் காய்ந்த குழவி முழுக்கச் சாக்பீஸைப் பூசி ஒருமுறை இழுத்துப் பார். வெள்ளை எங்கே படிகிறதோ அங்கேதான் குழவி தொடுகிறது. நடுவில் படியவே இல்லையென்றால் அங்கே எத்தனை குழி கொத்தினாலும் பயனில்லை, மேடான இரண்டு பக்கத்தையும் இறக்கியாக வேண்டும். அது நம் கைக்கு மீறிய வேலை, ஆள்தான் வர வேண்டும்.

கொத்தியபின் நேரே சமையலுக்குப் போகாதே. தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஒரு பிடி ஊறிய அரிசியை அரைத்துக் கொட்டு. என்னுடையதில் முதல் ஈடு சாம்பல் நிறம். மூன்றாவதும் மங்கல்தான். ஐந்தாவது வெள்ளையாக வந்தது, அதை நம்பாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோடு சுழற்றினேன். அடியில் கறுப்பாக நாலு பொடி தங்கியது. இன்னும் இரண்டு ஈடு போட்டபின்தான் அடி சுத்தமாயிற்று. பல் போன வயதில் கல் கடிக்க வேண்டுமா?

நேற்று மிளகு வைத்தேன். ஓடவில்லை. முதல் இழுப்பிலேயே படபடவென்று உடைந்தது. முழங்கைதான் இரண்டு நாளாக மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், நீ நினைக்கிறதல்ல.

சாக்பீஸ் சோதனையை முதலில் செய். வெள்ளை எங்கே படிந்தது என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. நீ வரையும் லட்சணம் தெரியும், அம்மி எது குழவி எது என்று பெயர் எழுதிவிடு.

உன்
கோமதி