அரக்கு எப்படிச் சிவப்பானது

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களும் வந்தன. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் கிளம்புகிறாள். ஸ்டூடியோவைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். நான் ஜவுளிக்கடைகளுக்குக் கேட்லாக் படம் எடுப்பதோடு சரி.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். "படத்தில் மிளகாய்ப்பழச் சிவப்பு, வந்தது அரக்கு" என்று எழுதி, நீ போனில் படமெடுத்துப் போட்டு விற்ற நெகமம் சேலையை வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், இனி நல்ல கேமரா உள்ள போனாக வாங்கவா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. அந்தக் காசில் இன்னும் சில சேலை எடுத்துப் போடலாம். உன்னிடம் இருக்கும் போனே தாராளம். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன், எங்கே கலர் மாறியது என்று எனக்குத் தெரிகிறது.

போன் கேமராவுக்கு எதிரில் இருப்பது சேலையா சுவரா என்ற கவலை இல்லை. வெளிச்சத்தை அளந்து, மொத்தப் படத்தையும் ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். நீ அரக்குச் சேலையை விரித்துப் படம் முழுக்க அதையே நிரப்பியிருக்கிறாய். போன் அதை 'இங்கே இருட்டாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. அரக்கை வெளுப்பாக்கினால் சிவப்புதானே வரும்? இதே காரணத்தால்தான் உன் சந்தனக்கலர் சேலை படத்தில் அழுக்குப் படிந்த மாதிரி வந்திருக்கிறது. அங்கே போன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது.

இதற்கு ஒரு அடையாளம் உண்டு. சேலையின் உடல் பகுதியைப் பெரிதாக்கிப் பார். நூல் ஓட்டம் தெரியாமல் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே சிவப்பாக இருந்தால் வெளிச்சம் கூடிப்போயிருக்கிறது. அப்படிப் போனதை அப்புறம் எடிட் பண்ணி மீட்க முடியாது, திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

எடுக்கும்போது திரையில் சேலையின் மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடி. ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஐபோனில் AE/AF LOCK என்று காட்டும், மற்ற பல போன்களில் ஒரு பூட்டுப் படம் வரும். பக்கத்திலேயே சின்னச் சூரியன் இருக்கும். அதை மெதுவாகக் கீழே இழு. திரையில் தெரியும் கலரும் எதிரில் இருக்கும் சேலையும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்து. அரக்கு, கருநீலம், பாட்டில் பச்சை எல்லாவற்றுக்கும் கீழே இழுக்க வேண்டும். சந்தனம், வெள்ளைக்கு மேலே.

இரண்டாவது கோளாறு உன் அறையில் இருக்கிறது. ஜன்னல் பக்கம் இருக்கும் முந்தானை நீலம் பாய்ந்திருக்கிறது, உள்பக்கம் மஞ்சளடித்திருக்கிறது. ஜன்னல் திறந்திருக்க, கூடவே டியூப் லைட்டும் எரிந்திருக்கிறது, சரிதானே? இரண்டு வெளிச்சத்துக்கும் நிறம் வேறு. போன் முழுப் படத்துக்கும் ஒரே திருத்தம்தான் செய்யும், ஒன்றைச் சரிபண்ணினால் மற்றது கெட்டுப்போகும். இதில் உன் அறையின் பச்சைச் சுவர் வேறு தன் நிறத்தைச் சேலை மேல் தெளிக்கிறது. மலிவான எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்புக்கு வேண்டிய வெளிச்சமே குறைவு, அதில் அரக்கு மண்கலராகிவிடும். நம் அம்மாக்கள் ஜவுளிக்கடையில் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்ப்பார்களே, அதற்குக் காரணமே கடை விளக்கில் கலர் நம்ப முடியாது என்பதுதான். உன்னிடம் வாங்குகிறவருக்கு வாசல் கிடையாது. அதனால் அந்த வாசல் வெளிச்சத்தை நீதான் படத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

அதனால் லைட்டையெல்லாம் அணைத்துவிடு. வெயில் நேராக விழாத ஜன்னலாகப் பார்த்து, காலை ஒன்பது, பத்து மணிக்கு எடு. வெயில் விழும் ஜன்னல்தான் இருக்கிறதென்றால் ஒற்றை வேட்டியைக் குறுக்கே கட்டிவிடு. ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சேலையைப் போடு. பக்க வெளிச்சத்தில்தான் கட்டம் போட்ட நெசவும் கரையும் எடுப்பாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும், ஜரிகை வெள்ளையாய்ப் பளிச்சிடும். எதிர்ப்பக்கம் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி வை. பச்சைச் சுவர் பக்கமும் அப்படியே ஒரு அட்டை வைத்து மறைத்துவிடு.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாள். பிரின்டரில் போடும் சாதா A4 தாள் போதும். நீலம் போட்ட வேட்டியை இதற்கு வைத்துக்கொள்ளாதே, அதை வெள்ளையென்று நினைத்துத் திருத்தினால் படமே மஞ்சளாகிவிடும். முதல் படத்தில் மட்டும் தாளைச் சேலை மேல் வைத்து எடு. மற்றவற்றைத் தாள் இல்லாமல் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடு. உன் போனில் புரோ மோட் இருந்தால் ஒயிட் பேலன்ஸைத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை நகர்த்தி, அங்கேயே விட்டுவிட்டு எல்லாவற்றையும் எடுக்கலாம். இல்லையென்றால் கேலரியின் எடிட்டில் முதல் படத்தின் வார்ம்த் என்ற அளவை, தாள் மஞ்சளோ நீலமோ இல்லாமல் ஆகும் வரை மாற்று. வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதையே மற்றப் படங்களுக்கும் போடு. சாச்சுரேஷனைத் தொடாதே. ஃபில்டரும் வேண்டாம். படம் பளபளவென்று இருந்தால் ஆர்டர் வரும், சேலை போனதும் திரும்பி வரும்.

முடித்ததும் படத்தையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பார்க்குமுன் உன் போனில் கண்ணுக்கு இதமாக மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடு. திரை விவிட் என்று வைத்திருந்தால் நேச்சுரலுக்கு மாற்று. வாங்குகிறவர் திரை எப்படியிருக்கும் என்பது நம் கையில் இல்லை, ஆனால் நம் பக்கம் சரியாக இருந்தால் வித்தியாசம் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

இத்தனை செய்தாலும் சில கலர் அடங்காது. கத்தரிப்பூ கலர் பல போன்களில் நீலமாகிவிடும். ராணி கலர் பல திரைகளில் முழுதாக வராது. கத்தரிப்பூவுக்கு விவரத்தில் 'நேரில் இன்னும் ஊதா கூடுதலாக இருக்கும்' என்று ஒரு வரி எழுதிவிடு. மயில்கழுத்து வேறு கதை. அங்கே கேமரா மேல் குற்றமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் நிற்கிற பக்கத்துக்கு ஏற்பச் சேலையே மாறுகிறது. ஒரே படத்தில் அதைக் காட்டவே முடியாது. சேலையை அசைக்காமல் நீ இடமும் வலமும் நின்று ஒவ்வொரு படம் எடு. அப்புறம் மடிப்பைக் கையில் பிடித்து ஆட்டி ஒரு சின்ன வீடியோ. 'பாவு பச்சை, ஊடை நீலம்' என்று எழுதியும் போடு. நெசவு தெரிந்தவர்கள் அந்த ஒரு வரியைப் பார்த்தே வாங்குவார்கள்.

திரும்பி வந்த அரக்குச் சேலையை விற்றுவிடாதே, அதையே முதலில் எடுத்துப் பார். தாள் வைத்த படத்தையும் வைக்காத படத்தையும் எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால்தான் நூல் ஓட்டம் சிதையாமல் வரும். தை மாதம் உடுமலையில் ஒரு கல்யாணம் இருக்கிறது, வந்தால் பொள்ளாச்சியில் உன் வீட்டில் ஒரு நாள் தங்குகிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல், கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மீனா
மதுரை